நாளை இரவு டியூட்டியை யாரிடம் கேட்பது, பதிலுக்கு எதைக் கொடுப்பது?

ஒரு மருத்துவமனை வார்டை எடுத்துக்கொள்வோம். காலை டியூட்டி 7 முதல் 2 வரை, மதியம் 2 முதல் 9 வரை, நைட் இரவு 9 முதல் மறுநாள் காலை 7 வரை. நீங்கள் அங்கே செவிலியர். வியாழன் இரவு உங்களுக்கு நைட். வெள்ளி நைட் ஆஃப், அதாவது நைட் பார்த்தவருக்கு மறுநாள் கிடைக்கும் ஓய்வு. சனி வார ஓய்வு. புதன் மாலை 4 மணிக்கு ஒரு தகவல் வருகிறது. நீங்கள் வேலையோடு சேர்த்துப் படிக்கும் மேற்படிப்பின் வாய்மொழித் தேர்வை வெள்ளி காலை 9 மணிக்கு மாற்றிவிட்டார்கள். இரவு முழுக்க விழித்திருந்து, 7 மணிக்கு ஹேண்டோவர் கொடுத்து, அப்படியே போய்த் தேர்வில் உட்கார முடியாது. டியூட்டி தொடங்க இன்னும் 29 மணி நேரம் இருக்கிறது.

இப்போது உங்கள் முன் ஐந்து வழிகள். இன்சார்ஜிடம் விடுப்பு கேட்கலாம். ஒருவரோடு டியூட்டியை மாற்றிக்கொள்ளலாம். "இப்போ பார்த்துக்கோங்க, பிறகு நான் பார்த்துத் தர்றேன்" என்று கடனாகக் கேட்கலாம். இரவைப் பாதிப் பாதியாகப் பிரிக்கலாம். பணம் கொடுக்கலாம். நைட் டியூட்டிக்கு எது பொருந்துகிறதோ அது மற்ற டியூட்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். நைட்டில் மட்டும் தவறு செய்தால் சேதம் அதிகம். அதனால்தான் அதையே உதாரணமாக எடுத்திருக்கிறேன்.

விடுப்பை முதலில் பார்த்துவிடலாம். காய்ச்சல், விபத்து, வீட்டில் சாவு என்றால் சக ஊழியரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. நேராக இன்சார்ஜிடம் சொல்லிவிட வேண்டும். அந்த நிலையில் மாற்று ஆள் தேடுவது நிர்வாகத்தின் வேலை. உடம்பு முடியாதவர் படுக்கையிலிருந்தபடி பத்துப் பேருக்கு போன் போடுவதைப் பல இடங்களில் வழக்கமாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள், அது சரியல்ல. ஆனால் தேர்வு போன்ற சொந்தத் தேவைக்கு முந்தின நாள் விடுப்பு கேட்டால் இன்சார்ஜ் என்ன செய்வார்? யாரையாவது கட்டாயப்படுத்தி இழுப்பார். அப்படி மாட்டியவருக்கு நீங்கள் பதிலுக்கு எதுவும் கொடுத்திருக்க மாட்டீர்கள், கேட்டும் இருக்க மாட்டீர்கள். ஆகவே முதலில் மாற்றிக்கொள்ள முயல்வதே நல்லது. விடுப்பு கடைசி வழியாக இருக்கட்டும்.

யார் சும்மா இருக்கிறார் என்று தேடாதீர்கள்

அவசரத்தில் எல்லோரும் செய்வது ரோஸ்டரைத் திறந்து வியாழன் கட்டத்தில் யாருக்கு ஆஃப் என்று பார்ப்பது, அல்லது நெருக்கமான தோழியை அழைப்பது. இரண்டும் தவறான தொடக்கம். பார்க்க வேண்டியது அந்த இரவுக்கு முன்னும் பின்னும் அவருக்கு என்ன இருக்கிறது என்பதை. நைட் என்பது ரோஸ்டரில் ஒரு கட்டம்தான். உண்மையில் அது இரண்டு நாளைத் தின்னும், முதல் நாள் மதியத் தூக்கத்தையும் மறுநாள் பகலையும் சேர்த்து.

நம் வார்டில் ஆறு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஆளுக்கு வியாழன் மதியம் டியூட்டி. அவர் ஒப்புக்கொண்டால் 2 மணிக்கு வந்தவர் மறுநாள் காலை 7 வரை, 17 மணி நேரம் நிற்க வேண்டும். கேட்கவே கூடாது. இரண்டாவது ஆளுக்கு வியாழன் ஆஃப், ஆனால் வெள்ளி காலை 7 மணிக்கு டியூட்டி. நைட் முடியும் நிமிடத்தில் அது தொடங்குகிறது. மூன்றாவது ஆளுக்கு வியாழன் காலை, வெள்ளி மதியம். தாளில் இடிக்காது. ஆனால் கூட்டிப் பாருங்கள்: வியாழன் காலை 7 மணியிலிருந்து வெள்ளி இரவு 9 மணி வரையிலான 38 மணி நேரத்தில் அவர் 24 மணி நேரம் வேலை பார்த்திருப்பார், இடையில் இரண்டு முறை ஏழேழு மணி நேர இடைவெளியோடு. அந்த ஏழில் போகவர, குளிக்க, சாப்பிட எவ்வளவு போகும் என்பது ஷிப்ட் பார்ப்பவர்களுக்குத் தெரியும். நான்காவது ஆளுக்கு வியாழன் ஆஃப், வெள்ளி மதியம் டியூட்டி. இங்கேயும் நைட்டுக்குப் பின் ஏழு மணி நேரம்தான் கிடைக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலை நேர நெறிமுறை, ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் இடத்தில் அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ள நல்ல எண். உங்கள் கோரிக்கை எதிராளியின் இடைவெளியை 11க்குக் கீழே இறக்கினால், அவர் சரி என்று சொன்னாலும் நீங்கள் கேட்டது சரியில்லை. விடியற்காலை 3 மணிக்கு மருந்தளவு கணக்கிடும்போது தூங்கி வழியப்போவது அவர். கட்டிலில் இருப்பதோ, இந்த மாற்றலைப் பற்றி எதுவும் தெரியாத நோயாளி.

ஐந்தாவது ஆளுக்கு வியாழன் காலை டியூட்டி, வெள்ளி வார ஓய்வு. உங்கள் தோழி என்றால் இவர்தான் முதலில் நினைவுக்கு வருவார். காலை டியூட்டி முடிந்து 7 மணி நேரத்தில் நைட்டுக்கு வர வேண்டும். முன்பக்கம் இடைவெளி 11க்குக் குறைவுதான், பின்பக்கம் தாராளம். அளவுகோலை இதுவும் மீறுகிறது, வேறு யாருமே இல்லையென்றால் மட்டும் கேட்கலாம். அப்போதும் அவருடைய வார ஓய்வின் பகல் தூக்கத்தில் கரைந்துவிடும்.

ஆறாவது ஆளுக்கு வியாழன் ஆஃப், வெள்ளி நைட், சனி நைட் ஆஃப். அவசரத்தில் கண்ணில் படாதவர் இவர்தான், ஏனென்றால் "நாளைக்கு அவங்களே நைட் பார்க்கணுமே" என்று தாண்டிப் போய்விடுவோம். கேட்க வேண்டிய ஆள் இவரே. அவர் உங்கள் வியாழன் நைட்டை எடுக்கட்டும், நீங்கள் அவருடைய வெள்ளி நைட்டை எடுங்கள். அவருக்கு ஒரு நைட் ஒரு நாள் முன்னே நகர்கிறது, அவ்வளவுதான். வியாழன் ஆஃபில் மதியம் தூங்கி எழுந்து வர வேண்டும் என்பது இழப்பு. ஆனால் வெள்ளி இரவு வீட்டில் தூங்கலாம், சனி முழு நாளும் கையில் இருக்கும். அதாவது நைட் ஆஃபைத் தூங்கித் தீர்க்காமல் உண்மையான ஓய்வாக அனுபவிக்கலாம். உங்கள் பக்கம், வெள்ளி தேர்வு முடிந்து மதியம் தூங்கிவிட்டு இரவு 9 மணிக்கு வருகிறீர்கள். சனி வார ஓய்வின் முற்பகல் தூக்கத்தில் போகும். உதவி கேட்டவர் நீங்கள், ஓய்வை இழப்பவரும் நீங்கள். இதைவிட நியாயமான ஏற்பாடு அந்த ரோஸ்டரில் இல்லை.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு டியூட்டியும் ஒரே வாரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. பதில் டியூட்டி அடுத்த வாரத்துக்குப் போனால், இந்த வாரம் அவருக்குப் பத்து மணி நேரம் கூடும், உங்களுக்குக் குறையும். ஓவர்டைமை வாரக் கணக்கில் பார்க்கும் இடங்களில் இன்சார்ஜ் இதனாலேயே கையெழுத்துப் போட மறுப்பார்.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். அவருடைய வெள்ளி நைட், வெள்ளி, சனி, ஞாயிறு என்று தொடர்ந்து வரும் மூன்று நைட்டின் தொடக்கமாக இருந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். வியாழன் நைட், வெள்ளி இரவுத் தூக்கம், மறுபடி சனி நைட் என்று உடம்பை முன்னும் பின்னும் திருப்ப வேண்டியிருக்கும். தொடர் நைட் பார்ப்பவர்கள் இதை வெறுப்பார்கள், காரணத்தோடுதான்.

மாற்றலா, கடனா?

ஆறாவது ஆள் முடியாது என்கிறார் என்று வைப்போம். மிஞ்சுவது ஐந்தாவது ஆள். அவருக்கு இந்த வாரம் மாற்றிக்கொள்ள நைட் இல்லை. பதில் பின்னால்தான் கொடுக்க முடியும். இங்கேதான் பலர் "உங்களுக்கு எப்போ வேணுமோ சொல்லுங்க, நான் பார்க்கிறேன்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கேட்கத் தாராளமாகத் தெரியும் இந்த வாக்கு நடைமுறையில் மிகப் பலவீனமானது.

நிறுவன நடத்தை ஆய்வாளர் ஃபிரான்சிஸ் ஃப்ளின் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நேரடியாகப் பொருந்தும். விமான நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் சேவை ஊழியர்களிடம், ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவிகளின் மதிப்பைக் கேட்டார். உதவி பெற்றவர்களுக்கு அதன் மதிப்பு பெற்ற உடனே உச்சத்தில் இருந்தது, நாள் போகப் போகக் குறைந்தது. செய்தவர்களுக்கோ நேர் எதிர், நாளாக ஆக அது பெரிதாகிக்கொண்டே போனது. தேதி குறிக்காத கடன் ஏன் புகைச்சலில் முடிகிறது என்பது இதில் தெரிகிறது. மூன்று மாதம் கழித்து அவர் வந்து கேட்கும்போது அவர் மனதில் இருப்பது "என் வார ஓய்வையே கொடுத்தேன்". உங்கள் மனதிலோ "ஒரு நைட்தானே". இருவரும் பொய் சொல்லவில்லை. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. திரும்பக் கேட்கும் பாரம் உதவி செய்தவர் தலையில் விழுகிறது. பலர் கேட்கவே மாட்டார்கள். அடுத்த முறை நீங்கள் அழைக்கும்போது போனை எடுக்காமல் விடுவார்கள்.

ஆண்டுக்கணக்கில் கொடுத்தும் வாங்கியும் பழகிய இருவருக்குத் திறந்த கடன் சரி. அவர்கள் கணக்கே பார்ப்பதில்லை, பார்த்தால்தான் கோபம் வரும். மற்ற எல்லோருக்கும் தேதி போட்ட பதில் டியூட்டியே மேல்.

ஐந்தாவது ஆளுக்கு என்ன கொடுப்பது? பத்து மணி நேரத்துக்குப் பத்து மணி நேரம் என்ற கணக்கு இங்கே போதாது. ஒரு காலை டியூட்டியையும் கூடுதலாக மூன்று மணி நேரத்தையும் கொடுத்தால் மணிக்கணக்கு சரியாகும், மனக்கணக்கு ஆகாது. அவர் இழப்பது ஓர் இரவையும் ஒரு வார ஓய்வின் பகலையும். நைட்டுக்கு நைட்தான் ஈடு. அதிலும் அடுத்த நாள் அவருக்கு நைட் ஆஃப் இருக்கும் ஒரு நைட்டை நீங்கள் எடுக்க வேண்டும். அந்த நைட் ஆஃபும் அவரிடமே இருக்க வேண்டும். அப்போது அவர் அன்று இரவு வீட்டில் தூங்கி, மறுநாளை முழுதாகப் பெறுகிறார். இழந்தது அதே உருவில் திரும்பி வருகிறது. டியூட்டியை மட்டும் மாற்றிவிட்டு "நைட் பார்த்தது நான், நைட் ஆஃபும் எனக்குத்தான்" என்று எழுதிக்கொள்வது சண்டைக்கான விதை. நைட்டுக்குப் பின் ஓய்வு உங்களுக்கும் வேண்டும்தான். ஆகவே மறுநாள் உங்களுக்கு ஏற்கெனவே ஆஃப் இருக்கும், அல்லது இரவு வரை டியூட்டி இல்லாத தேதிகளை மட்டும் முன்வையுங்கள்.

இரண்டு தேதி காட்டி அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நல்லது. ஒன்று மட்டும் காட்டினால் உங்கள் வசதிக்கு அவர் வளைவதாகிவிடும். "எது வேணும்னாலும்" என்றால் மறுபடி திறந்த கடன். வார இறுதியோ பண்டிகை நாளோ கேட்டு வாங்கினால் பதிலும் அதே தரத்தில் இருக்க வேண்டும். சாதாரண செவ்வாய்க்கிழமையைக் கொடுத்து ஈடு கட்டியதாக நினைக்கக் கூடாது.

பிரித்தலும் பணமும்

டியூட்டியை இரண்டாகப் பிரிப்பது பகல் டியூட்டிக்கு மிக நன்றாக வேலை செய்யும். மதியம் இரண்டு மணி நேரம் தாமதமாக வர வேண்டும் என்றால் முழு டியூட்டியை மாற்றுவதே வீண். காலை ஆளிடம் நான்கு மணி வரை இருக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு நாள் அவருக்காக இரண்டு மணி நேரம் முன்னதாக வந்தால் கணக்கு முடிந்தது. நைட்டுக்கு இது பொருந்தாது. நள்ளிரவு 2 மணிக்கு ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும், இன்னொருவர் வர வேண்டும், இருவர் தூக்கமும் கெடும். கூடவே ஒரு ஹேண்டோவர் அதிகமாகிறது. எந்த நோயாளிக்கு எந்த ஊசி போட்டாயிற்று என்ற தகவல் நழுவுவது ஹேண்டோவர்களில்தான்.

பணத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு முறை கொடுத்துவிட்டால் அடுத்த முறை எல்லோருக்கும் ஒரு விலை இருக்கும், சம்பளம் குறைந்தவர்களே எப்போதும் நைட்டை வாங்குவார்கள். தவிர, நைட் படி இருக்கும் இடங்களில் அது வேலை பார்த்தவருக்குப் போய்ச் சேர வேண்டும். பதிவேட்டில் பெயர் மாறாவிட்டால் அது உங்கள் கணக்கில் வரும், அதை நீங்கள் கையில் கொடுக்கத்தான் வேண்டும். அது உதவிக்கான கூலியாகாது, அவருடைய பணம்.

கேட்கும் விதம்

வார்டு வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு நைட் யாராவது பார்க்க முடியுமா, அவசரம்" என்று போடுவதுதான் மிக எளிது, பலனும் மிகக் குறைவு. குழுவில் எல்லோரும் வேறு யாரோ பதில் சொல்வார்கள் என்று காத்திருப்பார்கள். உளவியலாளர்கள் டார்லியும் லத்தானேயும் 1968இல் சோதனையாகவே செய்து காட்டியது இது: உதவக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஒவ்வொருவரும் எழுந்து உதவுவது குறைகிறது. நேரில் அல்லது போனில் ஒருவரிடம் கேளுங்கள். அவர் முடியாது என்றால்தான் அடுத்தவர். ஒரே நேரத்தில் நான்கு பேரிடம் கேட்டு, இருவர் சரி என்றால், ஒருவருக்கு "வேண்டாம், ஆள் கிடைச்சாச்சு" என்று சொல்ல வேண்டிவரும். அதற்குள் அவர் தன் நாளைக் கலைத்திருப்பார்.

இன்னொரு கெட்ட வழக்கம்: "அக்கா, நாளைக்கு ஃப்ரீயா?" என்று தொடங்குவது. ஆமாம் என்றால் மாட்டிக்கொண்டார், இல்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். என்ன கேட்கப்போகிறோம் என்பது தெரியாமல் பதில் சொல்ல வைப்பது ஒரு பொறி. முழுக் கணக்கையும் முதல் செய்தியிலேயே வைத்துவிடுங்கள். ஆறாவது ஆளுக்கு அனுப்புவது இப்படி இருக்கலாம்:

"அக்கா, வெள்ளி காலை 9 மணிக்கு எனக்கு வாய்மொழித் தேர்வு வந்திருக்கு, இன்னைக்குத்தான் சொன்னாங்க. என் வியாழன் நைட்டை நீங்க எடுத்துக்கிட்டு, உங்க வெள்ளி நைட்டை எனக்குத் தர முடியுமா? உங்க சனி நைட் ஆஃப் அப்படியே உங்களுக்குத்தான். ராத்திரி 8 மணிக்குள்ள சொன்னீங்கன்னா போதும். முடியலைன்னா காரணமெல்லாம் வேண்டாம், வேற ஒருத்தர்கிட்ட கேட்டுக்கிறேன்."

கடைசி வரி மரியாதைக்காக மட்டும் இல்லை. மறுக்க இடம் கொடுத்துப் பெற்ற சம்மதம் வியாழன் மதியம் மாறாது. சங்கடத்தில் சொன்ன சம்மதம்தான் கடைசி நேரத்தில் தலைவலியாக மாறும். 8 மணி என்ற கெடுவும் உங்களுக்காகத்தான். அதற்குள் பதில் வராவிட்டால் ஐந்தாவது ஆளைக் கேட்க அன்றிரவே நேரம் இருக்கும்.

கேட்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: அந்த இரவு உங்கள் இடத்தில் நிற்க அவருக்குப் பயிற்சி இருக்கிறதா? வென்டிலேட்டர் பார்க்கத் தெரிந்தவர் என்று உங்களைப் போட்டிருந்தால், பதிலுக்கு வருபவருக்கும் அது தெரிய வேண்டும். சீனியர் இடத்துக்குச் சீனியர். இதில் இடித்தால் இன்சார்ஜ் நிச்சயம் மறுப்பார், மறுப்பதுதான் சரி.

பதிவு

வாய்மொழி ஒப்பந்தம் ஒரு பாதிதான். இன்சார்ஜிடம் இருவர் பெயரும், இரண்டு தேதியும், நைட் ஆஃப் யாருக்கு என்பதும் சேர்த்து ஒரே தடவையில் சொல்லி, ரோஸ்டரில் இரண்டு பக்கமும் திருத்தச் சொல்லுங்கள். போகிற டியூட்டியை மட்டும் திருத்திவிட்டு வருகிற டியூட்டியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால், அடுத்த ரோஸ்டர் போடும்போது இன்சார்ஜுக்கு அது நினைவிருக்காது. ஐந்தாவது ஆளோடு செய்யும் மாற்றலில் பதில் டியூட்டி அடுத்த ரோஸ்டரில் விழும் என்பதால், அங்கே இது இரண்டு மடங்கு முக்கியம்.

மாற்றலைப் பதிவு செய்துவிட்டால், வியாழன் மாலை அவருக்கே காய்ச்சல் வந்தாலும் அது அவர் டியூட்டி. அவர் இன்சார்ஜிடம் சொல்வார், நிர்வாகம் ஆள் பார்க்கும். பதிவு செய்யாவிட்டால் ரோஸ்டரில் உங்கள் பெயர்தான் நிற்கும், இரவு 9.15க்கு வார்டிலிருந்து உங்களுக்குத்தான் போன் வரும். அவர் வர முடியாமல் போன நிலையில் உங்கள் பதில் டியூட்டி என்னாகும் என்பதையும் முன்பே பேசிவிடலாம். என் கருத்தில், அவர் பார்க்காத நைட்டுக்கு நீங்கள் நைட் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் வெள்ளி நைட்டை நீங்கள் எடுப்பதாக ரோஸ்டரில் ஏற்கெனவே எழுதியிருந்தால் அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும், காய்ச்சலில் கிடப்பவர் எழுந்து வரப்போவதில்லை. அந்த நைட்டை அவர் எப்போது திருப்பித் தருவார் என்பதை, அவர் தேறி வந்த பிறகு, மறுபடி தேதி போட்டுப் பேசிக்கொள்ளலாம்.